பில் உண்மை, கணக்கு எண் பொய்

அலுவலக ஊழியர்களுக்கு ஃபிஷிங் பற்றிச் சொல்ல நான் தயாரித்து வைத்திருக்கும் ஸ்லைடுகளில் முதலாவதில் தலைப்பு கிடையாது, விளக்கமும் கிடையாது. ஒரே ஒரு மெயில்தான் இருக்கும். திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு, நூல் தரும் மில்லிடமிருந்து வந்ததுபோல அதை எழுதியிருக்கிறேன். நிறுவனமும் மில்லும் பயிற்சிக்காகக் கற்பனை செய்தவை. இத்தகைய மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். இங்கே தமிழில் தருகிறேன்.

> அனுப்புநர்: கணக்குப் பிரிவு `<accounts@exarnple.com>`
> பொருள்: `Re:` நூல் பில், செப்டம்பர் இரண்டாம் லோடு
>
> வணக்கம் சார்,
> கடந்த வாரம் அனுப்பிய பில் தொடர்பாக எழுதுகிறேன். தணிக்கை நடப்பதால் எங்கள் நடப்புக் கணக்கில் இந்த மாத இறுதிவரை பணம் வரவு வைக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பில் தொகை ரூ.18,46,500-ஐ இணைப்பில் உள்ள எங்கள் இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். வங்கி மேலாளர் முத்திரையிட்ட கடிதமும் இணைத்திருக்கிறேன். இன்று மூன்று மணிக்குள் வந்துவிட்டால் அடுத்த லோடை நாளைக் காலையே ஏற்றிவிடலாம். ஆடிட்டருடன் உட்கார்ந்திருப்பதால் போன் எடுக்க முடியவில்லை. இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்.

இதைக் காட்டி இரண்டு நிமிடம் பேசாமல் இருப்பேன். பிறகு, "பணத்தை அனுப்பலாமா?" என்று கேட்பேன். பெரும்பாலான கைகள் அனுப்பலாம் என்றுதான் உயரும். அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. பில் உண்மையானது. தொகை பைசா சுத்தமாகச் சரி. எந்த லோடு என்பதுகூடச் சரி. மெயிலைக் கீழே தள்ளிப் பார்த்தால், இரண்டு வாரமாக நடந்த பேச்சு முழுவதும் அப்படியே கிடக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஃபிஷிங் மெயில் என்றால் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், லாட்டரி விழுந்திருக்கிறது என்று வரும் என்பதே நம்மில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அந்தப் பாடத்தை நம்பியிருப்பவர்தான் இந்த மெயிலில் விழுவார். அதனால் பிழை தேடுவதைப் பற்றி என் ஸ்லைடுகளில் ஒன்றுமே கிடையாது.

இந்த மெயிலில் தவறாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. `example.com` என்பது உதாரணம் காட்டுவதற்கென்றே இணையத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் பெயர். மில்லின் உண்மையான முகவரி அதுதான் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் முகவரியை இன்னொருமுறை பாருங்கள்.

```
accounts@example.com
accounts@exarnple.com
```

இரண்டாவதில் `.com` என்பதற்கு முன்னால் எம் என்ற எழுத்தே இல்லை. அதன் இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. கணினித் திரையில், பத்துப் புள்ளி அளவு எழுத்தில், வேலை நெருக்கடியில் இருப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. கைபேசியில் இன்னும் மோசம். கைபேசியில் மெயில் செயலிகள் பல, அனுப்பியவரின் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. அந்தப் பெயரை அனுப்புகிறவர் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம், யாரும் சரிபார்ப்பதில்லை. பெயரின்மேல் விரலால் தட்டினால்தான் முழு முகவரி விரியும். ஆகவே, பணமோ பாஸ்வேர்டோ சம்பந்தப்பட்ட மெயிலைக் கைபேசியில் படித்தால் பெயரைத் தட்டி முகவரியைப் பார்க்க வேண்டும். இது என் இரண்டாவது ஸ்லைடு. ஆனால் கண் ஏமாறும் என்பதை முதல் ஸ்லைடிலேயே எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இந்த விதியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன்.

அடுத்து எல்லாரும் கேட்கும் கேள்வி, "எங்கள் பில்லும் தொகையும் அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்பது. இந்தக் கதையின் முதல் பாதி மில்லில் நடந்தது. மூன்றாவது ஸ்லைடில் இருப்பது, இரண்டு வாரங்களுக்கு முன்பு மில்லின் கணக்கருக்கு வந்த மெயில்.

> உங்களுடன் ஒரு கோப்பு பகிரப்பட்டுள்ளது: திருத்திய விலைப்பட்டியல்.
> ஆவணத்தைத் திறக்க இங்கே அழுத்தவும். இந்த இணைப்பு 24 மணி நேரத்தில் காலாவதியாகும்.

அனுப்பியவர் முகவரி முழுக்க உண்மை. மில்லோடு வியாபாரத் தொடர்பில் இருக்கும் இன்னொருவரின் மெயில் பெட்டி ஏற்கெனவே திருடர் கையில் சிக்கியிருந்தது. அதிலிருந்தே இது வருகிறது. முகவரியைப் பார்க்கும் விதி இங்கே உதவாது. லிங்க்கை அழுத்தினால், தினமும் பார்த்துப் பழகிய மெயில் நுழைவுப் பக்கம் வருகிறது. கணக்கர் பாஸ்வேர்டைத் தருகிறார். போனுக்கு வந்த ஓடிபியையும் தருகிறார். ஒரு பிடிஎஃப் திறக்கிறது, ஏதோ பழைய விலைப்பட்டியல். கணக்கர் மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்.

அந்த ஓடிபி எதையும் காப்பாற்றவில்லை. அந்தப் போலிப் பக்கம் வெறும் படம் கிடையாது. கணக்கருக்கும் உண்மையான மெயில் சேவைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் தட்டுவதை அந்தப் பக்கம் உடனுக்குடன் கடத்தும். உண்மையான சேவை, ஓடிபி சரியாக இருப்பதால் கதவைத் திறக்கிறது. திறந்ததும் தரும் அனுமதிச் சீட்டை நடுவில் இருப்பவன் எடுத்துவைத்துக்கொள்கிறான். அதன்பின் அவனுக்கு பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. ஓடிபி வேண்டாம் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. அது இல்லாத கணக்கை உடைப்பது இன்னும் பல மடங்கு சுலபம். ஆனால் ஓடிபி கேட்டது என்பதனாலேயே ஒரு பக்கம் உண்மையானது ஆகிவிடாது.

இந்த இடத்தில் நிற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பிரவுசரின் மேலே இருக்கும் முகவரியைப் படிக்கத் தெரிவது. இதை முறையாகச் சொல்லித்தர ஐந்து நிமிடம்தான் ஆகிறது, ஆனால் பல பயிற்சிகளில் இது இருப்பதே இல்லை. தபால் கவரில் எந்த ஊர் என்பதைக் கடைசி வரியைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்? இணைய முகவரியையும் அப்படிப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து இடது பக்கமாக நகர்ந்து, கடைசி இரண்டு துண்டுகளை மட்டும் படியுங்கள். அதுதான் அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரர் பெயர்.

```
https://login.example.com/mail
https://login.example.com.verify.example.net/mail
```

முதலாவதின் சொந்தக்காரர் `example.com`. இரண்டாவதின் தொடக்கமும் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் சொந்தக்காரர் `example.net`. முன்னால் இருப்பதெல்லாம் அவர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொண்ட அலங்காரம். நம் நாட்டு முகவரிகளில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். `.co.in`, `.gov.in` என்று முடிந்தால் கடைசி மூன்று துண்டுகளைப் படிக்க வேண்டும். வங்கிகளுக்கு இப்போது `.bank.in` என்ற முடிவு தனியாக வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்த முடிவை வங்கிகளைத் தவிர யாரும் வாங்க முடியாது என்பதால் வங்கிப் பக்கத்தைச் சரிபார்ப்பது சற்று எளிதாகியிருக்கிறது. ஆனால் அது முகவரியின் கடைசியில் இருக்க வேண்டும். நடுவில் எங்கோ இருந்தால் அதற்கு மதிப்பில்லை.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. அது நம் கண்ணை நம்பியிருக்கவில்லை. பாஸ்வேர்டை பிரவுசரிலோ பாஸ்வேர்டு மேனேஜரிலோ சேமித்து வைத்திருந்தால், சரியான முகவரியில் மட்டும்தான் அது தானாக வந்து நிரம்பும். `rn` இருக்கும் இடத்தை `m` என்று அது ஏமாந்து படிக்காது. ஆகவே தினமும் தானாக நிரம்பும் பாஸ்வேர்டு ஒருநாள் நிரம்பவில்லை என்றால் கையால் தட்டக் கூடாது. அங்கேயே நிறுத்திவிட்டு ஐடி ஆளைக் கூப்பிட வேண்டும். பாதுகாப்புச் சாவி என்று யுஎஸ்பியில் செருகும் சிறு கருவியும், இப்போது கைபேசியில் வரும் பாஸ்கீயும் இதே கொள்கையில்தான் வேலை செய்கின்றன. முகவரி பொருந்தாவிட்டால் அவை பதில் சொல்லவே சொல்லாது. கூகுள் 2017-இல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் எல்லாருக்கும் அந்தச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதன்பின் வேலை தொடர்பான கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில் பறிபோனதாகப் புகார் இல்லை என்று 2018-இல் அறிவித்தது. சின்ன நிறுவனம் எல்லாருக்கும் வாங்க முடியாது என்றால், பணம் அனுப்பும் இரண்டு மூன்று பேருக்காவது முதலில் வாங்கித் தரலாம்.

மில்லுக்குத் திரும்புவோம். உள்ளே நுழைந்தவன் உடனே எதையும் செய்வதில்லை. உட்கார்ந்து படிக்கிறான். யார் யாருக்கு பில் போகிறது, யார் எப்படி எழுதுகிறார், "சார்" போடுவாரா, "அண்ணா" போடுவாரா என்பதெல்லாம் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. கூடவே ஒரு காரியம் செய்கிறான். "பில்", "பேமெண்ட்" என்ற சொற்கள் உள்ள மெயில் வந்தால் அதன் நகல் தனக்கு வரும்படியும், அசல் யாரும் திறந்தே பார்க்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படியும் மெயில் அமைப்புக்குள் ஒரு விதியை எழுதிவைக்கிறான். கணக்கர் பிறகு பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த விதி அப்படியே இருக்கும். பெரிய பில் ஒன்று போனதும், ஒரு எழுத்து மாறிய முகவரியை வாங்கி, அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக முதல் ஸ்லைடில் கண்ட மெயிலை அனுப்புகிறான். போன் எடுக்க முடியாது என்ற வரியை அவன் பணிவுக்காக எழுதவில்லை. போன் வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

இதைத் திருப்பூர் அளவில் சொன்னால், பெரிய கம்பெனிகளில் இது நடக்காது என்று சிலர் நினைப்பார்கள். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர் 2013-க்கும் 2015-க்கும் இடையில் கூகுளையும் ஃபேஸ்புக்கையும் இப்படித்தான் ஏமாற்றினார். இரண்டு நிறுவனங்களும் தைவானின் குவாண்டா கம்ப்யூட்டரிடம் கருவிகள் வாங்கிக்கொண்டிருந்தன. அவர் அதே பெயரில் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார். அதன் பெயரில் லாட்வியாவிலும் சைப்ரஸிலும் வங்கிக் கணக்குகள் திறந்தார். பிறகு போலி பில், போலி ஒப்பந்தம், முத்திரையிட்ட கடிதம் எல்லாம் தயாரித்து அனுப்பினார். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தது. கணினிப் பாதுகாப்புக்குக் கூகுளிடம் இல்லாத ஆட்கள் இல்லை. ஆனால் பணத்தை அனுப்பியவர் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர். அவர் முன்னால் இருந்ததெல்லாம் சரியான பெயரில் வந்த ஒரு பில்தான்.

சரியான பெயர் என்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பெறுபவர் பெயரை நாம் தட்டச்சு செய்கிறோம். ஆனால் பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான். பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது அந்த முறையிலேயே இல்லை. மில்லின் பெயரைப் போட்டு யாருடைய கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் பணம் போய்விடும். இந்த ஓட்டையை அடைக்க, எண்ணைத் தந்ததும் வங்கியில் பதிவாகியுள்ள பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நெட் பேங்கிங்கில் புதிய பெறுநரைச் சேர்க்கும்போது இந்தப் பெயரைக் கட்டாயம் பாருங்கள். பில்லில் ஒரு நிறுவனப் பெயரும் திரையில் வேறு யாரோ ஒரு தனிநபர் பெயரும் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் பெயர் பொருந்திவிட்டது என்பதால் நிம்மதி அடையவும் கூடாது. ரிமசௌஸ்கஸின் கணக்குகள் சரியான பெயரில்தான் இருந்தன.

ஆக முகவரியைப் பார்ப்பதும், பெயரைப் பார்ப்பதும், ஓடிபியும் உதவும், ஆனால் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் தோற்கும். இந்த வகை மோசடியில் பெரும்பகுதியை நிறுத்தக்கூடியது ஒரே ஒரு விதி. அதற்குத்தான் என் ஸ்லைடுகளில் அதிக நேரம் தருகிறேன். வங்கிக் கணக்கு எண் மாறியதாக எந்த வழியில் தகவல் வந்தாலும், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் போன் எண்ணில் கூப்பிட்டுப் பேசாமல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெயிலின் கீழே கையெழுத்தோடு இருக்கும் எண்ணில் கூப்பிட்டால் திருடனே எடுப்பான், மிகவும் மரியாதையாகப் பேசுவான். வந்த பில்லின் தலைப்பில் இருக்கும் எண்ணும் ஆகாது, அதையும் மாற்றியிருப்பான். சப்ளையர்களோடு கணக்குத் தொடங்கியபோதே வாங்கிய எண்கள் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். நோட்டு என்றே சொல்கிறேன். மெயில் பெட்டிக்குள் இருக்கும் எக்செல் கோப்பை உள்ளே நுழைந்தவன் திருத்திவிட முடியும், மேசை இழுப்பறையில் இருக்கும் நோட்டைத் திருத்த முடியாது.

எப்படிப் பேசுவது என்பதையும் ஸ்லைடில் எழுதியே காட்டுகிறேன்.

"அண்ணா, கணக்கு நம்பர் மாறியிருக்குன்னு உங்க ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. நீங்க அனுப்பினதா?"

"எங்க கணக்கு மாறலையேம்மா. எந்த நம்பர் போட்டிருக்கு?"

"அதை நான் சொல்லலண்ணா. உங்க நம்பரை நீங்க சொல்லுங்க, நான் எங்க நோட்டுல பார்த்துக்கறேன்."

மெயிலில் இருக்கும் எண்ணை நாம் படித்துக் காட்டி "சரிதானே?" என்று கேட்டால், வேறு வேலையில் இருக்கும் ஒருவர் யோசிக்காமல் "சரிதாம்மா" என்று சொல்லிவிடக் கூடும். அவர் வாயாலேயே எண் வர வேண்டும். உண்மையிலேயே கணக்கு மாறியிருந்தால், பேசியவர் பெயர், நேரம், சொன்ன எண் மூன்றையும் நோட்டில் எழுதி, இன்னொருவர் கையெழுத்தும் வாங்கிய பிறகு பணம் போகட்டும். இத்தனைக்கும் நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தால் நின்றுபோகும் லோடு எதுவும் இல்லை.

விதி எளிது. அதைப் பின்பற்றவிடாமல் தடுப்பது தயக்கம், அதுவும் நம் அலுவலகங்களில் இருக்கும் மேலதிகாரி பயம். முதலாளி பெயரில் மெயில் வருகிறது: "முக்கியமான மீட்டிங்கில் இருக்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் எண்ணை அனுப்புங்கள், ஒரு அவசர வேலை இருக்கிறது." எண்ணை அனுப்பினால், அவர் படத்தை முகப்பில் வைத்த ஒரு வாட்ஸ்அப் கணக்கிலிருந்து, இந்தக் கணக்குக்கு உடனே இவ்வளவு அனுப்பு என்று செய்தி வருகிறது. சேர்ந்து ஆறு மாதமான பெண் முதலாளியைக் கூப்பிட்டு, "சார், இது நீங்கதானா?" என்று கேட்பாரா? திட்டு விழும் என்று பயந்து அனுப்பிவிடுவார். அந்தப் பயம்தான் திருடனின் மூலதனம். அதை எடுக்க ஊழியருக்கு நடத்தும் எந்தப் பயிற்சியாலும் முடியாது. முதலாளி ஒருவரால்தான் முடியும். அதனால் பயிற்சிக்கு முதலாளியும் வந்து உட்கார வேண்டும் என்று கேட்பேன். இந்த ஸ்லைடு வரும்போது அவரே எழுந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்: என் பெயரில் பணம் கேட்டு எது வந்தாலும் எனக்குப் போன் போடுங்கள், நடுராத்திரி என்றாலும் பரவாயில்லை, கேட்டதற்காக யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று. அவர் அப்படிச் சொன்ன அலுவலகத்துக்கும் சொல்லாத அலுவலகத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தை வேறு எந்த ஸ்லைடாலும் ஈடுகட்ட முடியாது.

கணக்குப் பிரிவுக்கு பில் என்றால் ஆளெடுக்கும் பிரிவுக்கு பயோடேட்டா. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் வழியாகக் களவுபோனது. அதற்கு ஓராண்டு முன்பே, வேலை கேட்டு வந்த ஒரு மெயிலில் இருந்துதான் அது தொடங்கியது என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் சொல்கிறது. அதில் பயோடேட்டாவைப் பதிவிறக்க ஒரு லிங்க் இருந்தது. வெளியாரின் கோப்புகளைத் திறப்பதே வேலையாக இருக்கும் ஒருவரிடம் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்று சொல்வதில் பயன் இல்லை. பயோடேட்டா எல்லாம் ஒரே முகவரிக்கு வரட்டும், பிடிஎஃபாக மட்டும் வரட்டும், கணக்கு மென்பொருள் இல்லாத ஒரு தனிக் கணினியில் திறக்கட்டும் என்று நிர்வாகம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசி மூன்று ஸ்லைடுகள், ஏமாந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியவை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ மருத்துவமனை அமைப்பில் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் எட்டு மாதம் நடத்திய ஆய்வு ஒன்று 2025-இல் வெளிவந்தது. ஃபிஷிங் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் போலி மெயிலில் விழுந்தது சராசரியாக 1.7 சதவீதம்தான் குறைவு. போலி மெயிலில் லிங்க்கை அழுத்தியதும் திறக்கும் பாடப் பக்கத்தைப் பெரும்பாலானோர் ஒரு நிமிடத்துக்குள் மூடிவிட்டார்கள். பயிற்சி நடத்துகிறவன் என்ற முறையில் இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் யாரோ ஒருவர் அழுத்தத்தான் போகிறார். அப்போது அவர் எத்தனை நிமிடத்தில் வெளியே சொல்கிறார் என்பதே நஷ்டத்தைத் தீர்மானிக்கும். ஸ்விட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் பார்த்ததும் இதையே காட்டியது. சந்தேகம் வந்தால் அழுத்த மெயிலிலேயே ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். மோசடி மெயில் வந்த சில நிமிடங்களிலேயே யாராவது சொல்லிவிட்டார்கள். ஆண்டு முழுக்கச் சொல்லியும் அவர்கள் சலிக்கவில்லை.

ஆகவே பாஸ்வேர்டைத் தந்துவிட்டேன் என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது இது. ஐடி ஆளுக்குச் சொல்லுங்கள். வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியை அழுத்துங்கள். முன்பு சொன்ன அனுமதிச் சீட்டைச் செல்லாமல் ஆக்கும் படி இதுதான். அடுத்து, உள்ளே விதி ஏதும் எழுதிவைத்திருக்கிறானா என்று பாருங்கள். ஜிமெயிலில் `Settings` போய் `Filters and Blocked Addresses`, `Forwarding and POP/IMAP` என்ற இரண்டு இடங்களிலும், அவுட்லுக்கில் `Rules` என்ற இடத்திலும் அது தெரியும். நீங்கள் எழுதாத விதி இருந்தால் படம் எடுத்துக்கொண்டு நீக்குங்கள். பிறகு உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போனில் சொல்லிவிடுங்கள், அடுத்த போலி பில் அவர்களுக்குத்தான் போகும். இணைப்பைத் திறந்து ஏதோ நிறுவப்பட்டதுபோலத் தெரிந்தால், லேன் வயரைப் பிடுங்கி வைஃபையை அணைத்துவிட்டு, கணினியை மட்டும் அணைக்காமல் ஐடி ஆள் வரும்வரை விட்டுவையுங்கள். அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் போய்விடும்.

பணமே போய்விட்டால் நேரம் இன்னும் குறைவு. ஆர்டிஜிஎஸ்ஸில் பெறுபவர் வங்கி, தகவல் வந்த 30 நிமிடத்துக்குள் வரவு வைத்தாக வேண்டும். அங்கிருந்து அது பல கணக்குகளுக்குப் பிரிந்து போகும், சில மணி நேரத்தில் ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். முதலில் உங்கள் வங்கிக்குப் போன். உடனே 1930 என்ற தேசிய எண். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை முடக்க, வங்கிகளையும் காவல்துறையையும் இணைத்து வைத்திருக்கும் அமைப்பு அதன் பின்னால் இருக்கிறது. `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். கேட்பார்கள் என்பதால் நான்கு விவரங்கள் கையில் இருக்கட்டும்: பரிவர்த்தனையின் யூடிஆர் எண், போன கணக்கின் எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும், தொகை, அனுப்பிய நேரம். மெயிலை அழித்துவிடக் கூடாது, அதுதான் சாட்சி. முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிச் சாயங்காலம்வரை வைத்திருந்தால், இந்த அமைப்பு எதுவும் உதவ முடியாது.

பயிற்சி முடிந்த மறுவாரம் நிறுவனங்கள் தாங்களே போலி மெயில் அனுப்பி ஊழியர்களைச் சோதிப்பது உண்டு. செய்யலாம், ஆனால் எதை வைத்துச் சோதிக்கிறோம் என்பதில் மனசாட்சி வேண்டும். அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் 2020 டிசம்பரில், கொரோனா நெருக்கடிக்கு நடுவே, 650 டாலர் போனஸ் தருவதாக ஊழியர்களுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பியது. விவரம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. தீபாவளி போனஸ் என்று எழுதி அனுப்பி, அழுத்தியவர்களின் பெயரைப் பலகையில் ஒட்டினால், அடுத்தமுறை உண்மையாகவே ஏமாந்தவர் வாயைத் திறக்க மாட்டார். சோதனையில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை நான் கேட்பதில்லை. முதல் ஆள் எத்தனை நிமிடத்தில் வந்து சொன்னார், கணக்குப் பிரிவு நோட்டில் இந்த மாதம் எத்தனை போன் பதிவாகியிருக்கிறது என்ற இரண்டைத்தான் கேட்கிறேன்.